யாருக்குக் கீழே என்று எழுத்தில் கேட்பது

ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டிக்காரர் யாருக்குக் கீழே வேலை பார்க்கிறார் என்பது சாதாரண நாளில் வெளியே தெரியாது. மாதக் கடைசியில், இரவு நேரத்தில், கேட்டில் லாரி காத்திருக்கும்போது ஒரு லாட்டின் மேல், அனுப்பாமல் நிறுத்தி வைக்கச் சொல்லும் சிவப்பு ஹோல்ட் டேக் தொங்கினால் அப்போது தெரியும். அந்த டேக்கை எடுக்கச் சொல்கிறவரும் குவாலிட்டிக்காரருடைய அப்ரைசலை எழுதுகிறவரும் ஒரே ஆளாக இருந்தால், டேக் எவ்வளவு நேரம் தொங்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் பல வருடமாகக் குவாலிட்டியில் இருக்கிறேன். இப்போது இருக்கும் வேலைக்கு வந்தபோது, நேர்காணல் முடிந்தும் அந்த வேலை என்ன, யாருக்குக் கீழே என்பது தெளிவாகவில்லை. எழுத்தில் கேட்டு வாங்கினேன். எப்படிக் கேட்டேன், என்ன வந்தது, அதில் எது பயன்பட்டது, எது படவில்லை என்பதை விவரமாகச் சொல்கிறேன். இதே இடத்தில் நிற்கிற இளைய நண்பர்கள் நிறையப் பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

விளம்பரத்தில் இருந்தது 'அசிஸ்டன்ட் மேனேஜர், குவாலிட்டி' என்று ஒரே வரி. அலுமினிய டை காஸ்டிங் ஹவுசிங்குகளை மெஷினிங் செய்து, லீக் டெஸ்ட் முடித்து வாகன நிறுவனங்களுக்கு அனுப்புகிற பிளான்ட். முதலில் பிளான்ட் ஹெட் பேசினார். லைனில் ரிஜெக்‌ஷன் குறைய வேண்டும், டெஸ்பேட்ச் தவறக்கூடாது, "நீங்க என் வலது கை மாதிரி இருக்கணும்" என்றார். அடுத்து, வேறு ஊரில் இருக்கும் தலைமை அலுவலகத்திலிருந்து கார்ப்பரேட் குவாலிட்டி ஹெட் வீடியோவில் வந்தார். அவர் கேட்டதெல்லாம் வாடிக்கையாளர் புகார், அதற்குக் காரணமும் திருத்தமும் எழுதும் 8டி அறிக்கை, ஆடிட் பற்றித்தான். "பிளான்ட்ல எனக்குக் கண்ணா இருக்கப் போறவர் நீங்கதான்" என்றார். இருவருமே மனதாரச் சொன்னார்கள் என்று நம்புகிறேன். ஆனால் இரண்டும் வேறு வேறு வேலை. கடைசியாக ஹெச்ஆர் மேடம், "மேட்ரிக்ஸ் ரிப்போர்ட்டிங் சார்" என்று, இரண்டு மேலதிகாரிகள் உண்டு என்பதை ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். எழுந்திருக்கும் நேரத்தில் பிளான்ட் ஹெட் இன்னொன்றையும் போகிறபோக்கில் சொன்னார்: சப்ளையர் குவாலிட்டி பார்த்தவர் போய்விட்டார், கொஞ்ச நாளைக்கு அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

அன்று மாலையே உட்கார்ந்து யார் என்ன சொன்னார் என்பதை அவரவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வைத்தேன். இதைத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டு நாள் போனால் மூன்று பேர் சொன்னதும் கலந்து, நமக்குப் பிடித்த மாதிரி ஒரு வேலை மனதில் உருவாகிவிடும். எழுதிப் பார்த்தபோது விஷயம் பளிச்சென்று தெரிந்தது. லைன் தரம், வாடிக்கையாளர் புகார், சப்ளையர் குவாலிட்டி ஆகிய மூன்றுமே தனித்தனியாக ஒரு ஆளுக்கு நிறைவான வேலை. இரண்டு பேர் என்னைத் தன் ஆளாக நினைக்கிறார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த இடம்.

எப்போது கேட்பது என்பதுதான் முதல் கேள்வி. நேர்காணல் அறையிலேயே கேட்கலாம், தவறில்லை. ஆனால் அங்கே கிடைப்பதெல்லாம் இன்னொரு வாய்மொழிப் பதில்தான். வேலையில் சேர்ந்த பிறகு கேட்டால், ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிற ஒரு ஏற்பாட்டைக் குறை சொல்வதாக ஆகிவிடும். இருக்கும் வேலையில் ராஜினாமா கொடுத்த பிறகு கேட்டால், நோட்டீஸ் பீரியட் ஓடிக்கொண்டிருக்கும், திரும்பிப் போக வழி இருக்காது. அதனால் இடம் இரண்டுதான்: நேர்காணல் முடிந்த மறுநாள், அல்லது தேர்வாகிவிட்டீர்கள் என்று சொன்ன பிறகு, ஆஃபரை ஏற்பதற்கு முன். நான் முதலாவதைத் தேர்ந்தேன். காரணம், அப்போது அனுப்பும் மெயில் நன்றி மெயிலாகவும் இருக்கும். சம்பளப் பேச்சு இன்னும் தொடங்கியிருக்காது, ஆகவே பேரம் பேசுகிறான் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

மெயிலை ஹெச்ஆருக்கு மட்டும் அனுப்பினேன். பிளான்ட் ஹெட்டையும் கார்ப்பரேட் ஹெட்டையும் காப்பியில் போடவில்லை. 'இவன் யாருடைய ஆள்' என்ற கேள்வியை இருவர் முன்னாலும் ஒரே நேரத்தில் வைத்தால், இன்னும் உள்ளே காலெடுத்து வைக்காத ஒருவன் அவர்களுக்கிடையே மோதலைத் தொடங்கி வைத்ததாகிவிடும். ஹெச்ஆர் அதைத் தன் வழியில், தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளட்டும். நான் ஆங்கிலத்தில் எழுதியது, தமிழில் ஏறக்குறைய இது:

"வணக்கம் மேடம். நேற்று நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. இந்தப் பொறுப்பில் எனக்கு ஆர்வம் இருக்கிறது. நான் புரிந்துகொண்டபடி லைன் தரமும் வாடிக்கையாளர் புகார்களும் முதன்மை வேலை. சப்ளையர் குவாலிட்டியும் சில காலம் சேர்ந்திருக்கலாம் என்று பேச்சில் வந்தது. இந்தப் பதவியின் வேலை விவரமான ஜேடியையும், இந்தப் பதவி எங்கே வருகிறது என்று காட்டும் ஆர்கனைசேஷன் சார்ட்டையும் அனுப்ப முடியுமா? பெயர்கள் தேவையில்லை, பதவிகள் மட்டும் போதும். கூடவே மூன்று விஷயங்கள் தெரிந்தால் உதவியாக இருக்கும். என் வருடாந்திர அப்ரைசலை எழுதுபவர் யார்? ஹோல்டில் வைத்த லாட்டை விடுவிக்கும் இறுதி அதிகாரம் எந்தப் பதவிக்கு? சப்ளையர் குவாலிட்டி என் பொறுப்பில் எவ்வளவு காலம் இருக்கும்?"

அவ்வளவுதான். 'யாருக்கு ரிப்போர்ட் பண்ணணும்' என்று நேராக நான் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அப்படிக் கேட்டால் 'மேட்ரிக்ஸ்' என்ற அதே பதில் திரும்ப வரும். அப்ரைசல் எழுதுபவர் யார் என்று கேட்டால் ஒரு பதவியின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். அதே போலத்தான் 'எனக்கு என்ன அதிகாரம்' என்பதும். அதற்குப் 'முழு சுதந்திரம் உண்டு' என்று இனிமையாகச் சொல்லிவிடலாம். ஹோல்ட் லாட்டை விடுவிப்பது யார் என்றால் அப்படி நழுவ முடியாது. நீங்கள் வேறு துறை என்றால் உங்கள் வேலையில் எந்த முடிவில் இரண்டு மேலதிகாரிகள் முட்டிக்கொள்வார்கள் என்று யோசித்து, அந்த ஒரு முடிவைப் பற்றிக் கேளுங்கள். அக்கவுண்ட்ஸ் என்றால் பேமென்ட் ரிலீஸ், சாஃப்ட்வேர் டெஸ்டிங் என்றால் ரிலீஸுக்குக் கையெழுத்து.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது, போனில். பெரும்பாலும் போனில்தான் வரும்.

"சார், ஜேடி எல்லாம் ஜாயினிங் கிட்லயே கொடுத்துடுவோம். அதைப் பத்திக் கவலைப்படாதீங்க."

"சரி மேடம், கவலை ஒண்ணும் இல்லை. இங்க பேப்பர் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுட்டா எனக்கு முடிவெடுக்க வசதியா இருக்கும். இருக்கறதையே அனுப்புங்க, புதுசா எதுவும் தயார் பண்ண வேண்டாம்."

'இருக்கிறதையே அனுப்புங்கள்' என்பதை நான் யோசித்துத்தான் சொன்னேன். வாகனத் துறைக்கு உதிரிபாகம் கொடுக்கும் நிறுவனம் ஐ.ஏ.டி.எஃப். 16949 என்ற தரநிலைச் சான்றிதழ் வைத்திருந்தால், யாருக்கு என்ன பொறுப்பு, என்ன அதிகாரம் என்பது அங்கே ஏற்கெனவே வகுக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தரநிலையின் அடிப்படையான ஐ.எஸ்.ஓ. 9001, பிரிவு 5.3இல் பொறுப்பும் அதிகாரமும் ஒதுக்கப்பட்டு, உரியவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டு, அவர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும் என்கிறது. ஐ.ஏ.டி.எஃப். அதன் மேல் 5.3.2 என்று ஒரு பிரிவைச் சேர்க்கிறது: பொருளின் தரத்துக்குப் பொறுப்பானவர்களுக்கு ஷிப்மென்டையும் உற்பத்தியையும் நிறுத்தும் அதிகாரம் இருக்க வேண்டும், எல்லா ஷிஃப்டிலும் அப்படிப் பொறுப்பானவர் இருக்க வேண்டும். ஆடிட்டர் கேட்டால் நிறுவனம் காட்டியாக வேண்டிய விஷயம் இது. ஆகவே நான் கேட்டது அவர்களுக்குப் புதிய வேலை இல்லை, ஃபோல்டரிலிருந்து எடுத்து அனுப்ப வேண்டியது.

இதில் ஒன்றைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். வேலைக்கு விண்ணப்பித்தவரிடம் அதைக் காட்டு என்று எந்தத் தரநிலையும் சொல்லவில்லை. குவாலிட்டிக்காரர் பிளான்ட் ஹெட்டுக்குக் கீழே இருக்கக்கூடாது என்றும் சொல்லவில்லை. பல நல்ல பிளான்ட்களில் அப்படித்தான் இருக்கிறார்கள், அங்கே பிளான்ட் ஹெட்டே தரத்துக்காக நிற்பவர். அதனால் 'உங்கள் ஆடிட்டில் மாட்டுவீர்கள்' என்ற தொனியில் ஒரு வார்த்தையும் எழுதிவிடாதீர்கள். அது உண்மையும் இல்லை, வேலையும் கிடைக்காது.

போனை வைத்ததும் ஒரு சின்ன மெயில் போட்டேன்: இன்று பேசியதற்கு நன்றி, ஜேடியை இந்த வாரத்துக்குள் அனுப்புவதாகச் சொன்னீர்கள், மூன்று கேள்விகளையும் உரியவர்களிடம் கேட்டுச் சொல்வதாகவும் சொன்னீர்கள், நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். வாய்மொழியாக வந்த எதையும் அதே நாளில் இப்படி எழுதி அனுப்பிவிட்டால் ஒரு தடயம் இருக்கும்.

முதலில் வந்த ஜேடி ஏமாற்றமாக இருந்தது. இரண்டு பக்கத்துக்கு வரிவரியாகப் பொறுப்புகள். ஆனால் அதில் காஸ்டிங் என்ற சொல்லே இல்லை. லீக் டெஸ்ட் இல்லை. சிக்ஸ் சிக்மா இருந்தது, மருந்துத் துறையில் கேட்கிற ஒரு தகுதிகூட இருந்தது. 'ரிப்போர்ட்ஸ் டு' என்ற கட்டம் காலியாக இருந்தது. கன்சல்டன்சிக்காரர்கள் விளம்பரத்துக்காக எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது அது. இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி, பக்கத்தின் கீழே பார்ப்பது. சான்றிதழ் உள்ள நிறுவனத்தின் சொந்த ஆவணம் என்றால் வழக்கமாக அங்கே ஒரு டாகுமென்ட் எண், ரிவிஷன் எண், தேதி, தயாரித்தவர், ஒப்புதல் கொடுத்தவர் என்று இருக்கும். இதில் எதுவுமே இல்லை.

நான் குறை சொல்லவில்லை. "அனுப்பியதற்கு நன்றி. இது பொதுவான விவரம் போலத் தெரிகிறது. பிளான்ட்டில் ரிவிஷன் எண்ணோடு இருக்கும் ஜேடி இருந்தால் அதைப் பார்க்க முடியுமா?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியைப் போட்டதும் அவர்கள் பக்கத்தில் விஷயம் ஹெச்ஆரிடமிருந்து குவாலிட்டி டிபார்ட்மென்டுக்குப் போயிருக்க வேண்டும். சில நாளில் சரியான ஜேடி வந்தது. ஒரே பக்கம். கீழே ரிவிஷன் 01. ரிப்போர்ட்டிங் என்ற இடத்தில் இரண்டு வரி: நிர்வாக ரீதியாகப் பிளான்ட் ஹெட், செயல் ரீதியாகக் கார்ப்பரேட் குவாலிட்டி ஹெட்.

நிறையப் பேர் இங்கே திருப்தியாகி நின்றுவிடுகிறார்கள். ஆனால் நிர்வாக ரீதி, செயல் ரீதி என்ற சொற்களுக்கு எல்லா நிறுவனத்திலும் ஒரே அர்த்தம் கிடையாது. ஓரிடத்தில் நிர்வாக ரீதி என்றால் லீவும் வருகைப் பதிவும் மட்டும். இன்னோரிடத்தில் அப்ரைசல், இன்க்ரிமென்ட் எல்லாம் அவர் கையில். செயல் ரீதி மேலதிகாரி மாதம் ஒரு தடவை ரிவ்யூ மீட்டிங் நடத்துகிறவர், அவ்வளவுதான். அதனால் அந்த மூன்று கேள்விகளில் முதல் இரண்டுக்குப் பதில் வராமல் இந்த இரண்டு வரிக்குப் பொருள் இல்லை. பணிவாக மறுபடி நினைவூட்டினேன்.

ஒரு உதாரணத்தை வைத்துப் பார்த்தால் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று புரியும். ஹவுசிங்கில் பேரிங் உட்காரும் துளை, போர் என்போம், ஒன்று இருக்கிறது. டூலின் இன்சர்ட் மாற்றும்போது ஆஃப்செட் தவறி அதன் விட்டம் மேல் எல்லையைவிடச் சில மைக்ரான் கூடிவிடுகிறது. இரவு ஷிஃப்டில் அதைக் கண்டுபிடிக்கும்போது ஒரு லாட் முழுவதும் ஓடி முடிந்துவிட்டது. பிளான்ட் ஹெட்டின் கணக்கு டெஸ்பேட்ச். லாரி போகாவிட்டால் விமானத்தில் அனுப்ப வேண்டி வரும், அந்தச் செலவு அவர் தலையில். "அசெம்பிளி ஆயிடும்பா, அனுப்பு" என்பார். பல சமயம் உண்மையிலேயே அசெம்பிளி ஆகிவிடும். ஆனால் ட்ராயிங்கில் உள்ளபடி இல்லாத பொருளை வாடிக்கையாளரின் முன் அனுமதி இல்லாமல் அனுப்பக்கூடாது, எழுத்தில் கன்செஷன் வாங்கித்தான் அனுப்ப வேண்டும் என்பது விதி. பேரிங் தளர்ந்து சத்தம் வந்தால் மூன்று மாதம் கழித்துப் புகார் வரும். அப்போது 8டியில் 'வெளியே எப்படிப் போனது' என்ற இடத்தில் பதில் எழுத வேண்டியவன் நான். அந்த இரவில் 'முடியாது சார்' என்று சொல்கிறவனுக்குப் பின்னால் ஒரு பதவியின் பெயர் எழுத்தில் இருக்க வேண்டும். குணத்தில் தைரியம் இருந்தால் போதும் என்று இதை விட்டுவிட முடியாது. வீட்டுக் கடனும் குழந்தையின் பள்ளிக் கட்டணமும் இருக்கிற மனிதர்கள்தானே ஷிஃப்டில் நிற்கிறார்கள்.

பதில் மெயிலில் வந்தது. அப்ரைசலை எழுதுவது பிளான்ட் ஹெட். இறுதி ரேட்டிங்குக்கு முன் கார்ப்பரேட் குவாலிட்டி ஹெட்டின் ஒப்புதல் வேண்டும். ஹோல்ட் வைக்கும் அதிகாரம் என் பதவிக்கு உண்டு, விடுவிக்கக் கார்ப்பரேட் குவாலிட்டி ஹெட்டின் எழுத்து ஒப்புதல் தேவை. இது நான் எதிர்பார்த்ததைவிட நல்ல பதில். பிளான்ட் ஹெட் என்னிடம் கோபப்படலாம், ஆனால் டேக்கை எடுக்கும் அதிகாரம் என்னிடமே இல்லை என்று நான் நேர்மையாகச் சொல்ல முடியும். அவரும் நேராக மேலே பேசிக்கொள்ளலாம்.

மூன்றாவது கேள்விக்கு மட்டும் நழுவலான பதில்: 'மாற்று ஆள் வரும் வரை'. இது காலக்கெடு இல்லை. ஆள் எடுக்கும் அவசரமே அவர்களுக்கு இருக்காது, வேலைதான் நடக்கிறதே. இங்கே நான் காலத்தை விட்டுவிட்டு அளவைக் கேட்டேன். அதுவரை சப்ளையர் ரிஜெக்‌ஷன் எண்கள் அப்ரைசலில் என்னை அளக்கும் கேஆர்ஏவில் வருமா, வராதா? கார்ப்பரேட் ஹெட் நேரடியாகவே பதில் போட்டார்: முதல் அப்ரைசல் வருடத்தில் வராது, ஒருங்கிணைப்பு மட்டும். நாள் கொடுக்காதவர்களிடமிருந்துகூட இப்படி ஒரு வரம்பை வாங்க முடியும். வேலை கூடுதலாக இருக்கலாம், ஆனால் நான் தேர்ந்தெடுக்காத சப்ளையருடைய எண்ணுக்கு என் இன்க்ரிமென்ட் பதில் சொல்லாது.

ஆஃபர் லெட்டர் வந்தபோது அதில் வழக்கமான வரி இருந்தது: நிர்வாகம் அவ்வப்போது ஒதுக்கும் பிற பணிகளையும் செய்ய வேண்டும், எந்தப் பிரிவுக்கும் கிளைக்கும் மாற்றலாம். இந்த வரி ஏறக்குறைய எல்லா ஆஃபரிலும் இருக்கும், அதை எடுக்கச் சொல்லி யாரும் ஜெயித்து நான் பார்த்ததில்லை. இந்த வரி இருக்கும் வரை ஜேடி என்பது மாற்றவே முடியாத ஒப்பந்தம் ஆகாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியிருக்கின்றன, நல்லது. ஆனால் ஹோல்ட் லாட்டை யார் விடுவிப்பது என்பதெல்லாம் நியமனக் கடிதத்தில் வராது. அதனால் ஆஃபரை ஏற்று அனுப்பிய மெயிலில், 'இன்ன தேதியிட்ட மெயில்களில் விளக்கியபடியான பொறுப்பையும் ரிப்போர்ட்டிங்கையும் புரிந்துகொண்டு ஏற்கிறேன்' என்று ஒரு வரி சேர்த்தேன், ஜேடியையும் இணைத்தேன். யாரும் மறுக்கவில்லை. அந்த மெயில் தொடரைப் பிடிஎஃப் ஆக்கி என் சொந்தக் கணக்கில் வைத்துக்கொண்டேன். நேர்காணல் காலத்து மெயில் எல்லாம் என் சொந்த முகவரிக்கு வந்தவை என்பதால் அதில் சிக்கல் இல்லை. சேர்ந்த பிறகு அலுவலக மெயிலில் வருவதை அப்படி வெளியே அனுப்பக்கூடாது.

இப்படிக் கேட்டால் வேலை போய்விடாதா என்று எப்போதும் கேட்கிறார்கள். போகலாம். எனக்குத் தெரிந்த ஒரு நண்பர் இதே போலக் கேட்டபோது, 'எங்களுக்கு இவ்வளவு கேள்வி கேட்கிற ஆள் சரிப்படாது' என்று சொல்லிவிட்டார்கள். அது கஷ்டம்தான், கையில் வேறு வேலை இல்லாதவருக்கு இன்னும் கஷ்டம். அப்படிப்பட்ட நிலையில் இருப்பவர் அப்ரைசல் எழுதுபவர் யார் என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிட்டுச் சேர்ந்துவிடலாம் என்பது என் கருத்து. முதல் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் அதுவே போதும். மூன்றாம் நபர் பேரோலில் எடுக்கிறார்கள் என்றால் கேட்க வேண்டியது வேறு: நியமனக் கடிதம் எந்த நிறுவனத்தின் பெயரில், பி.எஃப். கட்டுவது யார். அதற்குப் பிறகுதான் ஜேடி.

நான் சேர்ந்த முதல் மழைக்காலத்திலேயே ஒரு லாட் நின்றது. போர் விட்டம் காரணம் இல்லை, லீக் டெஸ்ட் ஃபிக்ஸ்ச்சரில் சீல் தேய்ந்ததால் வந்த சந்தேகம். பிளான்ட் ஹெட் போனில் சத்தமாகத்தான் பேசினார். கார்ப்பரேட் ஹெட்டிடம் ஒப்புதல் கேட்டு மெயில் போட்டிருக்கிறேன் சார், நீங்களும் பேசுங்கள் என்றேன். அவர் பேசினார். சீலை மாற்றி மறுபடி டெஸ்ட் செய்து, தேறிய பாகங்கள் மறுநாள் மதியம் போயின. அந்த வருட அப்ரைசலில் டெஸ்பேட்ச் தாமதம் என்று அந்த நாளை அவர் எழுதியிருந்தார், கார்ப்பரேட் ஹெட் அதை ஏற்கவில்லை.

அடுத்த வருடம் பிளான்ட் ஹெட் மாற்றலாகிப் போனார். புதியவர் வந்த வாரத்திலேயே, ஜேடியை ஒரு முறை சேர்ந்து படித்துவிடலாமா சார் என்று கேட்டு அரை மணி நேரம் வாங்கினேன். மேலதிகாரி மாறும்போது பழைய புரிதலில் எழுதப்படாத பாதி அவரோடு போய்விடும் என்பதால், இதை எல்லோருமே செய்வது நல்லது. அவர் சப்ளையர் குவாலிட்டி வரியில் நின்று, "இது இன்னும் ஏன் உங்க கிட்ட இருக்கு?" என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். ஆள் எடுக்கும் கோரிக்கையை அவரே எழுப்பினார். ரிவிஷன் 02 இல் அந்த வரி இல்லை.